ஸ்டாப்வாட்ச் தப்பாக ஓடுகிறதா? டிஸ்பிளே காட்டுவதை வைத்தே பிழையைப் பிடிப்பது எப்படி

டிஜிட்டல் லேபில் ஸ்டாப்வாட்ச் கட்டுபவர்கள் பலரும் ஓடவில்லை என்றதும் எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். அதற்கு அவசியமே இல்லை. டிஸ்பிளேயில் என்ன தப்பு தெரிகிறதோ அதுவே எந்த ஐசியில், பல நேரம் எந்தப் பின்னில் கோளாறு என்று சொல்லிவிடும். 9-இல் நின்றால் ஒரு காரணம், 0-இல் நின்றால் வேறு காரணம். அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் சர்க்யூட் நான்கு இலக்கங்கள் கொண்டது: நிமிடம், பத்து வினாடி, வினாடி, பத்தில் ஒரு பங்கு வினாடி. 9 நிமிடம் 59.9 வினாடி வரை ஓடும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு 7490 கவுண்டர், ஒரு 7447 டிகோடர், ஒரு காமன் ஆனோடு டிஸ்பிளே, ஏழு 330 ஓம் ரெசிஸ்டர்கள். கிளாக் 10 ஹெர்ட்ஸ். ஐசிகள் எல்லாம் எல்எஸ் வகை. ஓர் இலக்கத்துக்கான இணைப்பு இது:

```
7490            7447
12 (QA = 1) ->  7 (A)
 9 (QB = 2) ->  1 (B)
 8 (QC = 4) ->  2 (C)
11 (QD = 8) ->  6 (D)

7490: 12 -> 1,  clock -> 14
7490: 5 = +5V, 10 = GND, 6 & 7 = GND
7447: 16 = +5V, 8 = GND, 3, 5 = +5V, 4 = open
```

நான்கையும் ஒரே மூச்சில் கட்டாமல் ஓர் இலக்கத்தைக் கட்டி, 7490-இன் ரீசெட் பின்களான 2, 3 இரண்டையும் இப்போதைக்குக் கிரவுண்டில் வைத்து, டிரெய்னர் கிட்டின் 1 ஹெர்ட்ஸ் கிளாக்கில் ஓட்டிப் பாருங்கள். கீழே வரும் பிழைகளில் பாதி அந்த ஒற்றை இலக்கத்திலேயே தலைகாட்டிவிடும்.

எதுவுமே எரியவில்லை

7447-இன் 3-ஆம் பின்னை 5 வோல்ட்டிலிருந்து எடுத்து கிரவுண்டில் வையுங்கள். அது லேம்ப் டெஸ்ட் பின். அப்போது கவுண்டர் என்ன சொன்னாலும் 8 எரிய வேண்டும். இந்த ஒரு சோதனை சர்க்யூட்டை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. 8 எரிந்தால் டிகோடரும் டிஸ்பிளேயும் நலம், கோளாறு கவுண்டர் பக்கம். எரியாவிட்டால் கவுண்டரைத் தொடவே வேண்டாம்.

8 எரியாததற்கு அதிகம் காணப்படும் காரணம் டிஸ்பிளே வகை மாறியிருப்பதுதான். 7447 தன் அவுட்புட்டைத் தாழ்த்தி, செக்மென்டிலிருந்து மின்னோட்டத்தை உள்ளே இழுக்கும். அதனால் காமன் ஆனோடுக்கு மட்டுமே பொருந்தும். கடையில் எல்டி 542 என்பது காமன் ஆனோடு, எல்டி 543 என்பது காமன் கேதோடு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைக் காமன் பின்னிலும் கருப்பை ஒரு செக்மென்டிலும் தொடுங்கள். மங்கலாக எரிந்தால் சரியான டிஸ்பிளே. அடுத்து 4-ஆம் பின்னைப் பாருங்கள். அது கிரவுண்டில் இருந்தால் லேம்ப் டெஸ்டையும் மீறி எல்லாம் அணைந்துவிடும்.

8 எரிகிறது, ஆனால் 3-ஆம் பின்னைத் திரும்ப 5 வோல்ட்டில் வைத்ததும் இருட்டு என்றால் 7490-க்கு சப்ளை போகிறதா என்று பாருங்கள். 14 பின் ஐசி என்றால் 14-இல் 5 வோல்ட், 7-இல் கிரவுண்ட் என்று கை தானாகப் போகும். 7490-இல் அப்படி இல்லை. சப்ளை 5-ஆம் பின்னில், கிரவுண்ட் 10-இல். 14 கிளாக் உள்ளீடு, 7 என்பது 9-க்கு செட் செய்யும் பின். சப்ளை இல்லாத கவுண்டர் 7447-இன் நான்கு உள்ளீடுகளையும் அந்தரத்தில் விட்டுவிடும். டிடிஎல் ஐசிக்கு அந்தரத்தில் நிற்கும் உள்ளீடு ஹை மாதிரி. நான்கும் ஹை என்றால் 15. அதற்கு 7447 எதையும் காட்டாது.

இலக்கம் 1 முதல் 9 வரை சரியாக எரிந்து 0 மட்டும் காணாமல் போனால் 7447-இன் 5-ஆம் பின் கிரவுண்டில் இருக்கிறது. முன்னால் வரும் பூஜ்ஜியத்தை மறைப்பதற்கான பின் அது. நிமிட இலக்கத்தில் வேண்டுமென்றே அப்படி வைப்பதும் உண்டு.

எப்போதும் 9

ரீசெட் அழுத்தினாலும் அசையாமல் 9 நின்றால் 7490-இன் 6, 7 பின்களை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். இரண்டும் ஹை ஆனால் கவுண்டர் 9-க்குப் போய் நிற்கும். அந்தக் கட்டளை ரீசெட்டையும் மீறியது. அந்தரத்தில் விட்டால் டிடிஎல் அவற்றை ஹை என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் கிரவுண்டில் வையுங்கள், தீர்ந்தது.

எப்போதும் 0

இது கொஞ்சம் தந்திரமானது. ரீசெட் பின்கள் 2-உம் 3-உம் ஒருசேர ஹை ஆகிவிட்டன என்பதுதான் பொருள். அந்தரத்தில் விட்டதால் என்றால் எளிது. சரியாக ரெசிஸ்டர் போட்டு, பொத்தான் வைத்து, வயரையும் இருமுறை பார்த்த பிறகும் 0 நிற்பதுதான் குழப்பும்.

ஆர்டுயினோ பழகியவர்கள் போடும் சர்க்யூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பொத்தானின் ஒரு பக்கம் 5 வோல்ட், மறுபக்கம் ரீசெட் கம்பி. அந்தக் கம்பியிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். பொத்தானை விட்டிருக்கும்போது கம்பி 0 வோல்ட்டில் இருக்க வேண்டும். மல்டிமீட்டரை 7490-இன் 2-ஆம் பின்னில் வைத்தால் 1 வோல்ட்டைத் தாண்டி, ஒன்றரைக்குப் பக்கத்தில் காட்டும். எல்எஸ் ஐசி 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் லோ என்று உறுதியாக ஏற்கும்.

காரணம் இதுதான். டிடிஎல் உள்ளீட்டை லோவில் வைக்க வேண்டுமானால் அதிலிருந்து வெளியே வரும் மின்னோட்டத்தை யாராவது கிரவுண்டுக்கு இறக்க வேண்டும். எல்எஸ் ரீசெட் உள்ளீடு ஒன்றுக்கு அது 0.4 மில்லி ஆம்பியர் வரை வரலாம். மூன்று 7490-களில் இரண்டிரண்டாக ஆறு பின்கள், பத்து வினாடி இலக்கத்துக்குப் போகும் கேட்டில் ஒன்று, ஆக ஏழு உள்ளீடுகள், 2.8 மில்லி ஆம்பியர். அதை 10 கிலோ ஓம் வழியே இறக்க 28 வோல்ட் வேண்டியிருக்கும்! 5 வோல்ட் சப்ளையில் அது நடக்காது. ஆகவே கம்பி லோவுக்கு இறங்காமல், அந்தரத்தில் நிற்கும் பின்னைப் போலவே ஹையாகக் கிடக்கும். இந்தக் கணக்கு டிடிஎல்லுக்கு மட்டும்தான். எச்சி வகை சிமாஸ் ஐசியில் அதே 10 கிலோ ஓம் பிரச்சினை தராது. அதனால்தான் நண்பனின் போர்டில் ஓடும் சர்க்யூட் உங்கள் போர்டில் ஓடாமல் போகும்.

10 கிலோவுக்குப் பதில் 220 ஓம் போட்டால் 0.6 வோல்ட்டுக்கு இறங்கும். ஓடும், ஆனால் எல்லைக்கு மிக அருகில். நான் பரிந்துரைப்பது பொத்தானைத் திருப்பிப் போடுவது: பொத்தானின் ஒரு பக்கம் கிரவுண்ட், மறுபக்கத்திலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம், அந்தப் புள்ளியிலிருந்து 7404 இன்வெர்டர் வழியாக ரீசெட் கம்பி. ஹையில் வைக்க டிடிஎல் உள்ளீட்டுக்கு மிகக் குறைந்த மின்னோட்டமே போதும் என்பதால் மேலே இழுக்கும் வேலையை 10 கிலோ தாராளமாகச் செய்யும். கீழே இழுக்கும் வேலையை இன்வெர்டரின் அவுட்புட் பார்த்துக்கொள்ளும். எல்எஸ் அவுட்புட் 8 மில்லி ஆம்பியர் வரை இறக்கும்.

மீட்டர் காட்டும் அந்த ஒன்றரை வோல்ட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிடிஎல் போர்டில் ஓர் உள்ளீடு 0-வும் இல்லாமல் 3-க்கு மேலும் இல்லாமல் இந்த இடைப்பட்ட அளவில் இருந்தால், பெரும்பாலும் அங்கே வயர் இல்லை, அல்லது பிரெட்போர்டு துளைக்குள் சரியாகப் பிடிக்கவில்லை.

0, 1, 0, 1 என்று மாறிக்கொண்டே இருக்கிறது

7490-க்குள் இரண்டு தனித்தனிக் கவுண்டர்கள் உள்ளன. ஒன்று இரண்டால் வகுக்கும், மற்றது ஐந்தால். 12-ஆம் பின்னை 1-ஆம் பின்னோடு இணைத்தால்தான் இரண்டும் சேர்ந்து பத்து ஆகும். அந்தச் சின்ன வயர் விட்டுப்போயிருக்கிறது.

எண்கள் வரிசை மாறி வருகின்றன

முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: வருபவை ஒழுங்கான எண்களா, உடைந்த உருவங்களா?

எண்கள் ஒழுங்காக இருந்து வரிசை மட்டும் மாறினால் கவுண்டருக்கும் டிகோடருக்கும் இடையே இரண்டு வயர்கள் இடம் மாறியுள்ளன. 0, 1, 4, 5, 2, 3, 6, 7, 8, 9 என்று வந்தால் 2-இன் பிட்டும் 4-இன் பிட்டும் மாறிவிட்டன. 7490-இல் 8-ஆம் பின் 4-இன் பிட், 9-ஆம் பின் 2-இன் பிட் என்று தலைகீழாக இருப்பதால் இது அடிக்கடி நடக்கும். 3 வரை சரியாக வந்து பிறகு 8, 9, அடுத்து இரண்டு விசித்திர அரைவட்டங்கள், பிறகு 4, 5 என்று வந்தால் 4-இன் பிட்டும் 8-இன் பிட்டும் மாறியுள்ளன. அந்த அரைவட்டங்கள் 10-க்கும் 11-க்கும் 7447 காட்டும் உருவங்கள்.

எண்களே உடைந்து தெரிந்தால், உதாரணமாக 1 வரவேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் எதிரெதிர்ப் பக்கம் நின்றால், டிகோடருக்கும் டிஸ்பிளேக்கும் இடையே செக்மென்ட் வயர்கள் மாறியுள்ளன. லேம்ப் டெஸ்ட் இதைக் காட்டிக்கொடுக்காது. ஏழும் எரியும்போது எது எங்கே போனாலும் 8 தானே!

6-க்கு மேல்கோடும் 9-க்குக் கீழ்க்கோடும் இல்லாதது பிழையே அல்ல. 7447 அப்படித்தான் வரையும். 1 பளிச்சென்றும் 8 மங்கலாகவும் தெரிந்தால், ஏழு ரெசிஸ்டர்களுக்குப் பதிலாகக் காமன் பின்னில் ஒரே ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்கிறீர்கள்.

அடுத்த இலக்கம் தப்பான நேரத்தில் ஏறுகிறது

7490 கிளாக் இறங்கும்போது எண்ணும். 8-இன் பிட் 9-இலிருந்து 0-க்குப் போகும்போது இறங்குவதால், அந்த 11-ஆம் பின்தான் அடுத்த இலக்கத்தின் 14-ஆம் பின்னுக்குப் போக வேண்டும். எந்த எண்ணில் அடுத்த இலக்கம் ஏறுகிறது என்று பார்த்தாலே தப்பான பின் தெரிந்துவிடும். இரண்டு எண்ணுக்கு ஒருமுறை ஏறினால் 12-ஆம் பின்னிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். 4-இலும் 8-இலும் ஏறினால் 9-ஆம் பின். பத்துக்கு ஒருமுறைதான், ஆனால் 8 வரும்போது ஏறுகிறது என்றால் 8-ஆம் பின். 11-ஆம் பின்னிலிருந்தே எடுத்து இடையில் இன்வெர்டர் போட்டிருந்தாலும் இதே அறிகுறி தெரியும். கிளாக் ஏறும்போது எண்ணும் 4518 போன்ற கவுண்டரைப் பழக்கதோஷத்தில் இப்படியே இணைத்தாலும் 8-இல்தான் ஏறும். அதில் எனேபிள் பின்னில் கொடுத்தால் இறங்கும்போது எண்ணும்.

நிமிடம் ஏறவே இல்லை என்றால் பத்து வினாடி இலக்கத்திலும் 11-ஆம் பின்னையே பயன்படுத்தியிருப்பீர்கள். அந்த இலக்கம் 5-ஐத் தாண்டாததால் 8-இன் பிட் எழுவதே இல்லை. அங்கே மட்டும் 4-இன் பிட்டை, அதாவது 8-ஆம் பின்னை, எடுக்க வேண்டும்.

பத்து வினாடி இலக்கம் 6, 7 என்று போகிறது, அல்லது ரீசெட் ஆக மறுக்கிறது

6-க்கு வந்ததும் 0-க்குத் திரும்ப 2-இன் பிட்டையும் 4-இன் பிட்டையும் ரீசெட் பின்களில் கொடுக்கிறோம்: 9-இலிருந்து 2-க்கு, 8-இலிருந்து 3-க்கு. 6 என்ற நிலை கண்ணுக்குத் தெரியாத அளவு சில நானோ வினாடிகளே இருக்கும். 6 பத்து வினாடி முழுக்க நின்றால் 2, 3 பின்களில் ஒன்று கிரவுண்டில் மாட்டியிருக்கிறது. வயர் பிடிக்காத பின் அந்தரத்தில் ஹை ஆகிவிடுவதால், 9-இலிருந்து வரும் வயர் பிடிக்காவிட்டால் 0 முதல் 3 வரையும், 8-இலிருந்து வரும் வயர் பிடிக்காவிட்டால் 0, 1 மட்டும் ஓடும். 0 முதல் 4 வரை மட்டும் ஓடினால் 9-க்குப் பதில் 12-ஆம் பின்னை எடுத்திருக்கிறீர்கள்.

இவ்வளவும் சரியாக ஓடிய பிறகு ரீசெட் பொத்தானைச் சேர்க்கும்போதுதான் உண்மையான சிக்கல். மற்ற மூன்று ஐசிகளில் செய்தபடி ரீசெட் கம்பியை இதன் 2, 3 பின்களிலும் செருகினால், கவுண்டரின் இரண்டு அவுட்புட்டுகளும் இன்வெர்டரின் அவுட்புட்டும் ஒரே கம்பியில் மோதிக்கொள்ளும். எண்கள் தாறுமாறாகும், ஐசி சூடேறும். ஐசி கெட்டுவிட்டது என்று புதிது மாற்றினாலும் அதேதான் நடக்கும். இந்த ஒரு கவுண்டருக்கு இரண்டு காரணங்களுக்காக ரீசெட் தேவை. ஆகவே நடுவில் கேட் வேண்டும்:

```
R = RESET + (QB · QC)
```

7408-இல் ஓர் ஏண்ட் கேட், 7432-இல் ஓர் ஆர் கேட். விடையை 2, 3 இரண்டு பின்களுக்கும் கொடுங்கள்.

இரண்டு கேட்டுக்காக இரண்டு ஐசியா என்று தோன்றினால் அந்த இடத்தில் 7490-ஐ எடுத்துவிட்டு 7492 வைக்கலாம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். பன்னிரண்டால் வகுக்கும் இந்தக் கவுண்டரின் கீழ் மூன்று பிட்டுகள் 0 முதல் 5 வரை போய்த் தாமாகவே மறுபடி 0-இலிருந்து தொடங்கும். அதனால் ரீசெட் பின்கள் பொத்தானுக்கு மட்டும் மிஞ்சும். ஆனால் பின் அமைப்பு வேறு: 1-இன் பிட் 12, 2-இன் பிட் 11, 4-இன் பிட் 9, ரீசெட் 6-உம் 7-உம். 12-ஐ 1-உடன் இணைப்பதும், 5-இல் சப்ளை, 10-இல் கிரவுண்ட் என்பதும் இங்கும் உண்டு. நிமிடத்துக்கு 9-ஆம் பின்னிலிருந்து எடுங்கள். 8-ஆம் பின்னை வெறுமனே விட்டு, அந்த 7447-இன் 6-ஆம் பின்னைக் கிரவுண்டில் வைக்க மறக்காதீர்கள். மறந்து அதை 8-ஆம் பின்னோடு சேர்த்திருந்தால், முதல் நிமிடம் ஒழுங்காக ஓடி, இரண்டாம் நிமிடத்தில் 8, 9, அப்புறம் விசித்திர உருவங்கள் என்று வரும்.

நிறுத்தினால் ஓர் எண் தாவுகிறது

கிளாக்கையும் ஓட்ட சிக்னலையும் ஓர் ஏண்ட் கேட்டில் கொடுத்து, விடையை முதல் கவுண்டருக்கு அனுப்புவதுதான் வழக்கம். கிளாக் ஹையாக இருக்கும் கணத்தில் நிறுத்தினால் கேட்டின் அவுட்புட் சட்டென்று இறங்கும். கவுண்டருக்கு அதுவும் ஒரு கிளாக்தான். ஆக 0.1 வினாடி கூடிவிடும். கிளாக் பாதி நேரம் ஹையில் இருப்பதால் ஏறக்குறைய இரண்டு முறைக்கு ஒருமுறை இது நடக்கும்.

இது பொத்தான் பவுன்ஸா, கேட்டின் வேலையா என்று பிரித்தறிய, கிளாக் வயரை எடுத்துவிட்டு கேட்டின் அந்த உள்ளீட்டை 5 வோல்ட்டில் வையுங்கள். இப்போது ஸ்டார்ட், ஸ்டாப் என்று மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் சரியாக ஓர் எண் ஏறினால் பவுன்ஸ் இல்லை. மூன்று, நான்கு என்று தாவினால் பொத்தானின் உலோகத் தொடர்பு அதிர்கிறது. ஸ்டார்ட்டுக்கும் ஸ்டாப்புக்கும் தனித்தனிப் பொத்தான் வைத்து, 7400-இன் இரண்டு நேண்ட் கேட்டுகளால் லாட்ச் கட்டினால் அந்த அதிர்வு உள்ளே வராது. முதல் தொடுதலிலேயே லாட்ச் மாறிவிடும், பிறகு எத்தனை முறை தொட்டாலும் அதே நிலைதான்.

கேட்டின் தாவலுக்கு மருந்து 7474. லாட்சின் அவுட்புட்டை அதன் 2-ஆம் பின்னிலும், இன்வெர்டர் வழியே தலைகீழாக்கிய கிளாக்கை 3-ஆம் பின்னிலும் கொடுத்து, 5-ஆம் பின்னை ஏண்ட் கேட்டுக்கு அனுப்புங்கள். 1, 4 பின்கள் 5 வோல்ட்டில் இருக்கட்டும். இப்போது ஓட்ட சிக்னல் கிளாக் இறங்கிய பிறகுதான் மாறும். அந்த நேரம் கேட் எப்படியும் லோவில் இருப்பதால் புதிதாக இறங்க எதுவும் இல்லை. நிறுத்துவது ஒரு கிளாக் வரை தள்ளிப்போகலாம், அது கடைசி இலக்கத்தின் அளவுக்குள்ளேயே அடங்கும்.

சிலர் கேட் எதற்கு என்று 555-இன் 4-ஆம் பின்னை இழுத்து நிறுத்துவார்கள். அதிலும் அவுட்புட் இறங்கும், அதே தாவல் வரும். போதாக்குறைக்கு, மறுபடி தொடங்கும்போது கெபாசிட்டர் காலியிலிருந்து நிரம்புவதால் முதல் கிளாக் நீண்டுவிடும்.

வயரைத் தொட்டால் எண் மாறுகிறது

ஒவ்வொரு ஐசியின் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே, பின்களை ஒட்டியே, 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர் போடுங்கள். நான்கு இலக்கத்திலும் 8 எரியும்போது 28 செக்மென்டுகள், ஒன்றுக்கு 8 மில்லி ஆம்பியர் என்றால் 220 மில்லி ஆம்பியருக்கு மேல். பிரெட்போர்டின் மெல்லிய பாதையில் இது கூடிக் குறையும்போது கிரவுண்டே ஆடும். பெரிய பிரெட்போர்டுகள் சிலவற்றில் சப்ளை வரிசை நடுவில் துண்டாகியிருக்கும், ஜம்பர் போட்டு இணைக்க வேண்டும். கடைசி ஐசியின் பின்னில் நேரடியாக அளந்து 4.75 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எல்லாம் சரி, நேரம் மட்டும் தப்பு

```
f = 1.44 / ((RA + 2·RB) · C)
RA = 10k, RB = 68k, C = 1uF  ->  9.86 Hz
```

காகிதக் கணக்கிலேயே ஒரு நிமிடத்துக்கு 59.2 வினாடிதான் காட்டும். கெபாசிட்டர் எலக்ட்ரோலிட்டிக் என்றால் 20 சதவீதம் வரை கூடக்குறைய இருப்பது சாதாரணம். அது 20 சதவீதம் கூடுதலாக இருந்தால் ஒரு நிமிடத்துக்கு 49 வினாடி. பாலியெஸ்டர் கெபாசிட்டர் போட்டு, 68 கிலோவுக்குப் பதில் 47 கிலோவும் 50 கிலோ பிரீசெட்டும் தொடராக வையுங்கள். ஃபோனின் ஸ்டாப்வாட்ச்சோடு ஐந்து நிமிடம் ஓட்டித் திருகுங்கள். அறை வெப்பம் மாறினால் மறுபடி கொஞ்சம் நகரும். 555-இடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை எடுத்து ஐந்தால் வகுப்பது இதைவிட நிலையானது. 7490-இன் ஐந்தால் வகுக்கும் பகுதியே போதும்: 1-ஆம் பின்னில் கொடுத்து 11-ஆம் பின்னில் எடுக்கலாம். 2, 3, 6, 7 பின்கள் கிரவுண்டில் இருக்கட்டும். மெயின்ஸிலிருந்து நேரடியாக ஒருபோதும் எடுக்க வேண்டாம், 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியிலிருந்து, ரெசிஸ்டரும் மிகைவோல்ட்டைத் தடுக்கும் டயோடுகளும் வைத்து எடுங்கள். இப்படிச் செய்தபின் கடிகாரம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று ஒழுங்கில்லாமல் வேகமாக ஓடினால், சைன் அலை நேராகக் கவுண்டருக்குப் போகிறது. அது எல்லை வோல்ட்டேஜை மெதுவாகக் கடப்பதால், கூடவே வரும் இரைச்சலில் ஓர் இறக்கம் பல இறக்கங்களாக எண்ணப்படுகிறது. இடையில் 7414 ஷ்மிட் இன்வெர்டர் ஒன்றை வைத்தால் நின்றுவிடும்.